பேர் வைக்கும் அன்று பாட்டி சொல்லும் பிரார்த்தனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டி சொல்றதுக்குன்னு ஒரு முழுப் பக்கம் எழுதி வெச்சிருக்கோம். ரொம்ப நீளமோ?

நீளம்தான். பாதிக்கு மேல் வெட்டுங்கள். கண்ணால் வாசிக்கும்போது ஒரு பக்கம் சட்டென்று முடிந்துவிடும். வயதானவர் நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது அதே பக்கம் நாலைந்து நிமிடம் இழுக்கும். அதற்குள் குழந்தை சிணுங்கத் தொடங்கும், பாட்டிக்கு மூச்சு வாங்கும், நிற்கிறவர்கள் எப்போது முடியும் என்று பார்ப்பார்கள். எண்பது, தொண்ணூறு சொல் போதும். இடைவெளிகளோடு சேர்த்து ஒன்றரை நிமிடம் வரும்.

எழுதியதை நீங்கள் வாசித்துப் பார்த்து நேரம் கணக்கிட்டால் தப்பாகிவிடும். பாட்டியையே ஒருமுறை சொல்லச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள்.

பிரார்த்தனைன்னா கடவுள்கிட்டதானே சொல்லணும்? ஆனா குழந்தைகிட்டயும் பேசணும்னு தோணுது. யாரைப் பார்த்துப் பேசுறது?

இருவரிடமும் பேசலாம், முறை வைத்துப் பேச வேண்டும். பலருடைய வரிகள் குழம்புவது இங்கேதான். தமிழில் கடவுளையும் ‘நீ’ என்கிறோம், குழந்தையையும் ‘நீ’ என்கிறோம். “நீ எங்களுக்குக் கிடைத்த வரம், நீ எங்களோடு என்றும் இரு, நீ இவளைக் காப்பாற்று” என்று ஒரே மூச்சில் போனால், மூன்று ‘நீ’யும் யார் யார் என்று கேட்கிறவருக்குப் பிடிபடாது. தாளில் படிக்கும்போது இது தெரியாது. காதால் கேட்கும்போதுதான் இடறும்.

இதற்கு வழி ஒன்றுதான். பிரார்த்தனையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதி முழுக்கக் கடவுளிடம். அதில் கடவுள் ‘நீ’, குழந்தை ‘இவள்’ அல்லது ‘இவன்’. பிறகு ஒரு நிறுத்தம். அப்போது பாட்டி தலையைக் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த பாதி முழுக்கக் குழந்தையிடம், அதில் குழந்தைதான் ‘நீ’. ஒருமுறை திரும்பிவிட்டால் மறுபடி கடவுளிடம் போக வேண்டாம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் “அப்படியே ஆகட்டும்” அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கடவுளை ‘நீர்’, ‘உம்மை’ என்று அழைத்துப் பழகிய வீட்டில் இந்தக் குழப்பமே வராது. ‘நீர்’ என்றால் கடவுள், ‘நீ’ என்றால் குழந்தை என்று தானாகப் பிரிந்துவிடும். அப்படிப் பழக்கமில்லாத பாட்டியை இதற்காக ‘நீர்’ சொல்ல வைக்காதீர்கள். நாடக வசனம் போல் ஆகிவிடும்.

பேரை எந்த இடத்துல சொல்லணும்? எத்தனை தடவை?

நடுவில், குழந்தையின் பக்கம் திரும்பியதும். முதல் பாதியில் பெயர் வரவே கூடாது. அங்கே “இவள்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தால், பெயர் வரும்போது எல்லோருடைய காதும் அதற்காகக் காத்திருக்கும். மூன்று தடவை போதும்: அறிவிக்கும்போது ஒன்று, அதை அடுத்துத் தனியாக ஒன்று, முடிவுக்கு முன் ஏதாவது ஒரு வாக்கியத்தில் ஒன்று.

இதைவிட முக்கியம், எந்த வடிவத்தில் சொல்கிறோம் என்பது. தமிழில் வேற்றுமை சேர்ந்தால் பெயரின் கடைசி ஒலி மாறும். முதன்முதலில் பெயரைக் கேட்கிறவர்களுக்கு உருபு சேராத முழுப் பெயர் வேண்டும். “இனியனுக்கு நீண்ட ஆயுளைக் கொடு” என்று அறிவித்தால் பின்வரிசையில் இருப்பவர், பெயர் இனியனா, இனியானா என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். விளித்தால் இன்னும் சிக்கல். ‘இனியன்’ விளியில் ‘இனியா’ ஆகும், அது பெண் குழந்தையின் பெயராகவே காதில் விழும். அமுதனுக்கும் அமுதாவுக்கும் இதே கதைதான். ஆகவே ‘ன்’னில் முடியும் பெயர் என்றால் “உன் பெயர் இனியன்” என்று பெயரிலேயே வாக்கியத்தை முடியுங்கள். முடித்துவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். கொஞ்சிக் கூப்பிடுவதற்கு வாழ்நாள் முழுக்க இருக்கிறது.

வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பதிவில் இருக்கும் பெயர் வேறு என்றால் பாட்டி பதிவுப் பெயரைச் சொல்லட்டும். இரண்டையும் சொன்னால் எது பெயர் என்ற கேள்வி மிஞ்சும்.

இணையத்துல கிடைச்ச பிரார்த்தனை ஒண்ணு நல்லா இருக்கு. ஆனா பாட்டி வாயில வர மாட்டேங்குது. என்ன செய்றது?

வராது. “எல்லாம் வல்ல இறைவா, இம்மழலைச் செல்வம் சகல சௌபாக்கியங்களும் பெற்றுப் புகழோடு வாழ அருள்புரிவாயாக” என்பது யாருடைய பாட்டியும் பேசாத மொழி. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். பாட்டியைச் சொல்ல வைப்பதன் காரணமே, அவர் மட்டும் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று இருப்பதுதான்.

அதை எடுக்க உட்கார்ந்து எழுதத் தேவையில்லை, பேச விட்டாலே போதும். “என்ன பிரார்த்தனை பண்ணப் போறீங்க?” என்று நேராகக் கேட்டால் அவரும் புத்தகத் தமிழுக்குப் போய்விடுவார். சுற்றிக் கேளுங்கள். குழந்தையை முதலில் தூக்கியபோது என்ன பார்த்தீர்கள்? இவள் வருவதற்கு முன் எதற்காக அதிகம் பயந்தீர்கள்? இப்போது யார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்? ராத்திரி படுக்கும்போது இவளுக்காக என்ன கேட்கிறீர்கள்? பதிலை ஃபோனில் பதிவு செய்துகொண்டு, பிறகு அவர் சொன்ன சொற்களாலேயே எழுதுங்கள்.

ஒரு வீட்டில் மருமகன் முதலில் எழுதியிருந்தது மேலே காட்டியது போன்ற வாக்கியங்களாகவே ஒரு பக்கம். பாட்டி இரண்டு வரி வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மேலே உள்ள கேள்விகளைக் கேட்டபோது வந்தவை இவை: “மூணு வருஷம் காத்துக் கிடந்தா என் பொண்ணு.” “குறைமாசத்துல பொறந்து இங்குபேட்டர்ல கிடந்துச்சு, ஒடம்பு தேறணும், அவ்ளோதான்.” “தாத்தா இருந்திருந்தா அவர்தான் மொத ஆளா பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.” “விரலைக் குடுத்தா இறுக்கிப் பிடிச்சுக்குது, விடவே மாட்டேங்குது.” பிரார்த்தனைக்கு வேண்டியது முழுக்க இந்த நாலு வரியில் இருந்தது. கோத்துக் கொடுப்பது மட்டும்தான் மிச்ச வேலை.

பேச்சு வழக்கை அப்படியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்றால், பாதி வழி போதும். ‘காத்திருந்தாள்’, ‘கூப்பிட்டிருப்பார்’ என்று எழுதுங்கள். சொல்லும்போது அவர் தன் பேச்சுக்கு மாற்றிக்கொள்வார். ‘அருள்புரிவாயாக’வைத்தான் அவரால் மாற்றிக்கொள்ள முடியாது.

அந்தப் பிரார்த்தனை கடைசியா எப்படி வந்துச்சு? முழுசா காட்டுங்களேன்.

குழந்தையின் பெயரை மட்டும் யாழினி என்று மாற்றியிருக்கிறேன்.

> இறைவா, இவளை எங்கள் கையில் கொடுத்தாய். நன்றி.
> இவளுக்காக என் மகள் காத்திருந்தாள். நீ அறிவாய்.
> இவள் வயிறாரக் குடிக்கட்டும். நிம்மதியாகத் தூங்கட்டும்.
> நாளுக்கு நாள் உடம்பு தேறட்டும்.
> இவளைப் பெற்றவர்களுக்குப் பொறுமையைக் கொடு. கொஞ்சம் தூக்கத்தையும் கொடு.
>
> *(நிறுத்தம். குழந்தையைப் பார்த்து)*
>
> கண்ணே, உன் அம்மாவும் அப்பாவும் உனக்கு வைத்திருக்கும் பெயர் யாழினி.
>
> *(நிறுத்தம்)*
>
> யாழினி.
>
> *(நிறுத்தம்)*
>
> இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இத்தனை பேர் இருக்கிறோம்.
> உன் தாத்தா இருந்திருந்தால் முதல் ஆளாகக் கூப்பிட்டிருப்பார்.
> அவருக்கும் சேர்த்து நான் கூப்பிடுகிறேன். யாழினி.
> விரலைக் கொடுத்தால் விடமாட்டேன் என்கிறாய். அப்படியே பிடித்துக்கொள்.
> நீ நடக்கும்போது பிடித்துக்கொள்ள நானும் இருக்க வேண்டும்.
> நல்லா இரு, தங்கம். நாலு பேருக்கு நல்லவளாக இரு.
>
> *(எல்லோரும்)* அப்படியே ஆகட்டும்.

வாக்கியங்கள் எவ்வளவு குட்டை என்று பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். முதல் பாதியில் கேட்டவை எல்லாம் இந்த வாரத்துக்கானவை: பால், தூக்கம், உடம்பு. குறைமாதக் குழந்தைக்கு அந்த வீடு உண்மையில் அவற்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. பெற்றவர்களுக்குத் தூக்கத்தைக் கேட்கும் வரியில் சபை சிரிக்கும். சிரிக்கட்டும், அடுத்து வரும் நிறுத்தம் அதனால் இன்னும் நன்றாக எடுபடும்.

காத்திருந்த ‘மூன்று வருஷம்’ முதல் வரைவில் இருந்தது. மகள்தான் எடுக்கச் சொன்னார். அந்தக் கணக்கு பத்துப் பேர் முன்னால் வர வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. இப்படிப்பட்ட வரிகளைப் பெற்றவளிடம் முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது. குழந்தை பிறந்த கதை அவளுடையது, பாட்டி அதைச் சொல்ல அவளுடைய சம்மதம் வேண்டும். இங்குபேட்டரும் அதே காரணத்தால்தான் ‘உடம்பு தேறட்டும்’ என்பதற்குள் அடங்கிப் போயிற்று. தெரிந்தவர்களுக்குப் புரியும், தெரியாதவர்களுக்கு அது சாதாரண வேண்டுதல்.

தாத்தா போன வருஷம் தவறிட்டார். நல்ல காரியத்துல அதைப் பேசலாமா?

பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தால் தாராளமாக. ஒரே வரியில், பெயர் அறிவித்த பிறகு. மேலே உள்ள வரியில் தாத்தா இறந்தார் என்ற பேச்சே இல்லை, அவர் என்ன செய்திருப்பார் என்பது மட்டும் இருக்கிறது. அவரை அங்கே கூட்டிவர அது போதும். “இந்தச் சந்தோஷத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் போய்விட்டார்” என்று எழுதினால் அறையின் கவனம் குழந்தையை விட்டு அவர் பக்கம் போய்விடும், திரும்பி வருவது கஷ்டம்.

குழந்தைக்கே அவர் பெயரை வைக்கிறீர்கள் என்றால் “உன் தாத்தாவின் பெயரைத்தான் உனக்கு வைத்திருக்கிறார்கள்” என்று நிறுத்திக்கொள்ளலாம். “அவரைப் போலவே இரு” என்பது வேண்டாம். ஒருவருடைய பெயரைச் சுமப்பதே போதுமான வேலை.

“நோய் நொடி இல்லாம, கண்ணு படாம, கெட்டது அண்டாம” இப்படிக் கேக்கறது தப்பா?

தப்பில்லை, காலகாலமாகக் கேட்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். “இல்லாமல்” என்று முடிந்தாலும் காதில் முதலில் விழுவது நோயும் கண்ணும் கெட்டதும்தான். இப்படி ஒன்று இருந்தால் பழக்கமான சொல்லாகக் கடந்துவிடும், நாலு அடுக்கினால் பிரார்த்தனையே பயத்தின் பட்டியலாகிவிடும். அவற்றைத் திருப்பிப் போடப் பாருங்கள். நோய் வராமல் என்பதற்கு “உடம்பு தேறட்டும்”. பயம் இல்லாமல் என்பதற்கு “நிம்மதியாகத் தூங்கட்டும்”. தனியாகப் போகாமல் என்பதற்கு “கூப்பிட இத்தனை பேர் இருக்கிறோம்”. திருப்ப முடியாத ஒன்று இருந்தால் அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

டாக்டர் ஆகணும், பெரிய ஆளா வரணும்னு சொல்லச் சொல்றாங்க.

வேண்டாமே. நாளைக்குப் பதிவைப் போட்டுப் பார்க்கப் போவது அந்தக் குழந்தைதான்.

ரெண்டு பாட்டியும் இருக்காங்க. ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்கு மனசு கஷ்டமாகும்.

மேலே சொன்ன இரண்டு பாதி இங்கே கைகொடுக்கும். ஒருவர் கடவுளிடம் பேசட்டும், மற்றவர் குழந்தையிடம் பேசிப் பெயரைச் சொல்லட்டும். மாறும் நேரத்தில் முதல் பாட்டி குழந்தையை இரண்டாமவர் கையில் கொடுக்கலாம். அந்த நிறுத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமான செயல் இல்லை. யார் பெயரைச் சொல்வது என்பதில்தான் இழுபறி வரும். அதைப் பெற்றவர்கள் முன்கூட்டியே தீர்மானித்து இருவரிடமும் சொல்லிவிட வேண்டும், அன்றைக்குக் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மற்றவர் கடைசி “யாழினி”யைச் சேர்ந்து சொல்லலாம்.

இருவரும் ஒரே வரிகளைச் சேர்ந்து வாசிப்பது மட்டும் வேண்டாம். வேகம் ஒத்துவராது, பள்ளிக்கூட உறுதிமொழி மாதிரி ஆகிவிடும்.

இருவருமே ‘பாட்டி’ என்று அழைக்கப்படப் போகிறார்களா, அம்மாச்சி, அப்பாயி என்று வேறுபடுத்துவீர்களா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை எப்படிக் கூப்பிடப் போகிறதோ அந்தச் சொல்லால்தான் பாட்டி தன்னைக் குறிப்பிட வேண்டும்.

பொறந்த குழந்தைக்கு இதெல்லாம் கேக்குமா? மைக் வைக்கலாமா?

கேட்கும். கருவில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாளுக்குள் இருக்கும் குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்புகின்றன என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் சோதித்துக் காட்டினார்கள். தன் பெயரை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்தறிவது ஏறக்குறைய நாலரை மாதத்தில். ஆகவே அன்றைக்குக் குழந்தைக்குப் பெயர் புரியாது, சொல்லும் குரல் மட்டும் சேரும். பார்வையும் இருபது முப்பது சென்டிமீட்டருக்குள்தான் ஓரளவு தெளிவு. மடியில் ஏந்தி முகத்தைப் பார்த்துப் பேசினால் அந்தத் தூரம் தானாக அமைந்துவிடும்.

மைக்கில் சிக்கல் இருக்கிறது. திடீரென்று ஒலி அதிர்ந்தால் பச்சைக் குழந்தை கைகளை விரித்துத் தூக்கிப் போட்டு அழும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பாட்டியை உட்கார வைக்காதீர்கள். கையில் பிடிக்கும் மைக்கும் உதவாது, குழந்தையைத் தாங்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். அறை சின்னதென்றால் மைக்கே வேண்டாம். பெரிய கூடம் என்றால் உடையில் குத்தும் சின்ன மைக், அதையும் குழந்தை வருவதற்கு முன்பே சோதித்து விடுங்கள்.

பாட்டி உட்கார்ந்தே சொல்லட்டும். நின்றுகொண்டு, குழந்தையை ஏந்திக்கொண்டு, தாளையும் பார்ப்பது யாருக்கும் முடியாத காரியம். தாளை இன்னொருவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்கலாம்.

பாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, படிக்கவும் வராது. மனப்பாடம் பண்ண வைக்கலாமா?

வரி வரியாக ஒப்பிக்க வைத்தால் ஒரு சொல் தவறியதும் முழுவதும் நின்றுபோகும். வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: நன்றி, பால், தூக்கம், பெற்றவர்கள், பெயர், தாத்தா, விரல். அவர் சொன்ன செய்திகள்தானே, சொற்கள் தானாக வரும். அன்றைக்கு ஒரு சொல் மாறி வந்தால் திருத்தாதீர்கள். பெயரை மட்டும், பெற்றவர்கள் வைத்த அதே உச்சரிப்பில், முதல் நாளே சொல்லிப் பழகட்டும். பேரக்குழந்தைகளின் புதுப் பெயர்கள் பாட்டிகளின் நாக்கில் எளிதில் உட்காருவதில்லை.

கண் மட்டும்தான் பிரச்சினை, வாசிக்க வரும் என்றால் 24 புள்ளி எழுத்தில் அச்சிடுங்கள். ஒரு வரிக்கு ஒரு மூச்சு. வாக்கியத்தின் நடுவில் வரி உடையக் கூடாது, உடைந்தால் அங்கேயே மூச்சு விடுவார். பெயரைத் தனி வரியில், இன்னும் பெரிதாக.

நடுவுல அழுதுட்டாங்கன்னா?

பெரும்பாலும் தாத்தா வரியில் அழுவார்கள். பெயர் அதற்கு முன்பே வந்துவிடுவதால் காரியம் கெடாது, அந்த வரியைப் பின்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உடனே யாரும் தாளை வாங்கிக்கொண்டு தொடர வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முடியவில்லை என்று கண்ணால் காட்டினால் மகளோ மகனோ “அப்படியே ஆகட்டும்” என்று சொல்லி முடித்து வைக்கலாம். விட்டுப்போன வரிகளை மறுபடி ஆரம்பித்துச் சொல்ல வைக்காதீர்கள்.

குழந்தை அழுதால் பாட்டி நிறுத்திவிட்டுத் தாலாட்டிக்கொள்ளட்டும். பசி என்றால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குடித்த பிறகு தொடரலாம். இதனால்தான் குழந்தை பால் குடித்து அரைமணிக்குள் பிரார்த்தனையை வைத்துக்கொள்வது நல்லது.

எங்க வீட்ல பாதிப் பேருக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. சம்பந்தி வீடு வேற மதம்.

பாட்டிக்கு நம்பிக்கை இருந்தால் அவர் எப்படி அழைப்பாரோ அப்படியே அழைக்கட்டும், அது அவருடைய பிரார்த்தனை. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று “இயற்கையே, பிரபஞ்ச சக்தியே” என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கும் ஒட்டாது, மற்றவர்களுக்கும் ஒட்டாது. ‘இறைவா’ என்ற ஒரு சொல் பல மதத்தவருக்கும் பழக்கமானது, அது அவருக்குச் சரிப்பட்டால் நல்லது.

பாட்டிக்கே நம்பிக்கை இல்லை என்றால் முதல் பாதியைச் சபையிடம் சொல்லலாம். “இவளை எங்கள் கையில் கொடுத்தாய்” என்பது “இவள் நம் கைக்கு வந்துவிட்டாள்” ஆகும். ‘குடிக்கட்டும்’, ‘தூங்கட்டும்’, ‘தேறட்டும்’ எல்லாம் அப்படியே நிற்கும், அவை யாரிடம் சொன்னாலும் பொருந்தும். “பொறுமையைக் கொடு” மட்டும் “பொறுமை கிடைக்கட்டும்” என்று மாறும்.

பாட்டியால வர முடியல, வீடியோ கால்லதான் சொல்லணும்.

பாட்டியைத் தவிர மற்ற எல்லோரும் ஒலியை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் யாரோ இருமும்போது பாட்டியின் குரல் அறுந்துபோகும். இணைப்பில் குரல் சற்றுத் தாமதித்து வருவதால் சேர்ந்து சொல்வது எதுவும் சரிப்படாது. “அப்படியே ஆகட்டும்” என்பதைக் குழந்தை இருக்கும் வீட்டார் மட்டும் சொல்லட்டும். ஃபோனைக் குழந்தையின் காதருகே வைக்காமல், அம்மா மடியில் வைத்துக்கொண்டு எதிரே பிடித்தால், பாட்டிக்கும் முகம் தெரியும்.

விரல் வரி மட்டும் மாறும். பிடித்துக்கொள்ள விரல் அங்கே இல்லையே. “நான் வந்ததும் என் விரலைப் பிடித்துப் பார்” என்று ஒரு பாட்டி சொன்னார், அது சரியாக இருந்தது. முதல் நாளே முழுவதையும் ஃபோனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லிவிடுங்கள். இணைப்பு அறுந்தால் அதைப் போட்டுவிடலாம்.